மதிப்பீட்டுக் குறிப்பு: ஒப்பந்தச் சட்டம், சிக்கல் வினா 2

வினா: ‘க’ தம் அச்சு இயந்திரத்தை விற்க முன்வந்து ஜூன் 3 அன்று ‘ச’வுக்குக் கடிதம் எழுதுகிறார், அது ஜூன் 5 அன்று கிடைக்கிறது. அன்றே மனம் மாறிய ‘க’, முன்மொழிவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதத்தை அஞ்சலில் சேர்க்கிறார். ஜூன் 6 காலை ‘ச’ சரியான முகவரியிட்டு ஏற்புக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கிறார். ‘க’வின் இரண்டாம் கடிதத்தை ‘ச’ ஜூன் 7 அன்றும், ஏற்புக் கடிதத்தை ‘க’ ஜூன் 8 அன்றும் பெற்றுப் படிக்கிறார்கள். (அ) ஒப்பந்தம் ஏற்பட்டதா? (ஆ) ‘க’ இரண்டாம் கடிதமே அனுப்பாதிருக்க, ஜூன் 7 மாலை ‘ச’ தொலைபேசியில் ‘க’விடம் பேசித் தம் ஏற்பைத் திரும்பப் பெற்றிருந்தால் என்ன ஆகும்?

மதிப்பெண்: 20க்கு 9

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 4, 5 ஆகிய பிரிவுகளை நீங்கள் பிழையின்றி எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். ஏற்பு பற்றிய தகவல், முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, ஏற்பவரின் கட்டுப்பாட்டை விட்டு அனுப்பப்பட்டதும் நிறைவடைகிறது என்றும், ஏற்பவரைப் பொறுத்தவரை அது முன்மொழிந்தவரின் அறிவுக்கு வரும்போதே நிறைவடைகிறது என்றும் இரண்டையும் பிரித்து எழுதியிருப்பதைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஒன்பது மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்தப் பத்திக்கே உரியது.

சிக்கல் அடுத்த பத்தியில் தொடங்குகிறது. (அ)வுக்கு உங்கள் வாக்கியம் இது: “திரும்பப் பெறும் கடிதம் 7ஆம் தேதி ‘ச’வின் அறிவுக்கு வந்துவிட்டது, ஏற்போ 8ஆம் தேதிதான் ‘க’வை அடைந்தது, ஆகவே முன்மொழிவு செல்லத்தக்க முறையில் திரும்பப் பெறப்பட்டது.” இதில் 7ஆம் தேதியைத் தேர்ந்தது சரிதான், திரும்பப் பெறுதல் ‘ச’வைப் பொறுத்தவரை அவர் அதை அறியும்போதே நிறைவடைகிறது, ‘க’ அஞ்சலில் சேர்த்த 5ஆம் தேதி அவருக்கு உதவாது. ஆனால் அதை எந்தத் தேதியோடு ஒப்பிட வேண்டும்? 5ஆம் பிரிவின்படி, ஏற்பு முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை நிறைவடைவதற்கு முன்புதான் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். இங்கே முன்மொழிந்தவர் ‘க’. அவரைப் பொறுத்தவரை ஏற்பு, கடிதம் ‘ச’வின் கையை விட்டுப் போன 6ஆம் தேதி காலையிலேயே நிறைவடைந்துவிட்டது. நீங்கள் எடுத்துக்கொண்ட 8ஆம் தேதி ‘ச’வுக்கு உரியது. விதியைச் சரியாக எழுதிய கையே ஒருவருக்குரிய தேதியை மற்றவருக்குக் கொடுத்துவிட்டது. 6க்குப் பிறகு 7 வருவதால் திரும்பப் பெறுதல் காலம் கடந்தது, ஒப்பந்தம் ஏற்பட்டது.

(ஆ)வில் இதே தேதிகள் தலைகீழாக மாறியிருக்கின்றன. “ஏற்புக் கடிதம் 6ஆம் தேதியே அனுப்பப்பட்டுவிட்டதால் ‘ச’ பின்வாங்க முடியாது” என்கிறீர்கள். இங்கே பின்வாங்குபவர் ஏற்றவர். அவரைப் பொறுத்தவரை ஏற்பு 8ஆம் தேதிவரை நிறைவடையவில்லை. 7ஆம் தேதி மாலை ‘க’வின் காதில் விழுந்த சொல் கடிதத்தை முந்திவிட்டது, எனவே ஏற்பு செல்லத்தக்க முறையில் திரும்பப் பெறப்பட்டது, ஒப்பந்தம் இல்லை. இரண்டு பகுதிகளிலும் ஒரே தவறு நேர்ந்திருப்பதால் இது கவனக்குறைவு அன்று என்று கருதுகிறேன்: கடிதம் கையிலிருந்து போனதா, கைக்கு வந்ததா என்று மட்டும் பார்த்தீர்கள், யாரைக் கட்டுப்படுத்துவதற்காக அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதைப் பார்க்கவில்லை.

பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கை (உச்ச நீதிமன்றம், 1966) நீங்கள் (ஆ)வில் மேற்கோள் காட்டியதும் இதே வகையைச் சேர்ந்தது. தொலைபேசியில் ஏற்பு தெரிவிக்கப்பட்டால் அது கேட்கப்படும் இடத்தில் ஒப்பந்தம் உருவாகிறது என்று அதில் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள் என்பது உண்மை. நம் வினாவில் தொலைபேசியில் வந்தது ஏற்பு அன்று, அதைத் திரும்பப் பெறுதல். ஒப்பந்தம் எந்த இடத்தில் உருவானது என்பதும் கேட்கப்படவில்லை. அந்தப் பத்தியை நீக்கிவிட்டால் விடை எதையும் இழக்காது.

திருத்தி எழுதும்போது (அ)வின் முக்கியப் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்: “‘க’ தம் முன்மொழிவைத் திரும்பப் பெற முடியுமா என்பதே வினா ஆதலால், ‘க’வைப் பொறுத்தவரை ஏற்பு எப்போது நிறைவடைந்தது என்று பார்க்க வேண்டும். ஜூன் 6 காலை ‘ச’ கடிதத்தை அஞ்சலில் சேர்த்ததும் அது அவருடைய கட்டுப்பாட்டை விட்டுப் போனது. ‘க’வின் திரும்பப் பெறுதல் ‘ச’வின் அறிவுக்கு வந்தது ஜூன் 7, அது பிந்தியது.” (ஆ)வை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன் என்னிடம் கொடுத்தால் அன்றே படித்துத் தருகிறேன்.