சுழல் கதிரையைத் தள்ளியது யார்?

உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளுக்கு,

சுழற்சி இயக்கச் சிலைட்டுகளை எல்லாரும் படித்துவிட்டீர்கள். சூத்திரத்தைக் கேட்டால் உடனே சொல்கிறீர்கள். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் கதிரையில் இருப்பவர் கைகளை உள்ளே இழுத்தால் ஏன் வேகம் கூடுகிறது என்று கேட்டால், "சடத்துவத் திருப்பம் குறையுது சேர், அதால கோண வேகம் கூடுது" என்பதோடு நின்றுவிடுகிறீர்கள். விடை சரிதான், புள்ளியும் கிடைக்கும். ஆனால் உடம்பையும் கதிரையையும் முன்னே தள்ளியது யார்? தள்ளாமல் எதுவும் வேகம் எடுக்காது என்று நியூற்றன் விதிகளில் படித்தோமே. இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை கதிரையை விடப்போவதில்லை.

சனிக்கிழமை உப்புவெளி வகுப்பில் செய்து பார்ப்போம். அலுவலகச் சுழல் கதிரை ஒன்று, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஒரு நிறுத்தற் கடிகாரம், இவ்வளவும் போதும். நம் மண்டபத்தின் தரைக்கு ஓடு பதித்திருக்கிறது, கதிரையின் ஐந்து சில்லுகளும் வழுக்கி ஓடும். ஒவ்வொரு சில்லுக்கும் பழைய துணியைச் சுருட்டி அணை கொடுக்க வேண்டும். கதிரை நகர்ந்தால் அச்சும் நகரும், பிறகு நாம் பார்ப்பது சுழற்சி மட்டுமாக இராது. இருப்பவர் கால்களைத் தரையில் படாமல் மடித்து வைக்க வேண்டும். தலைசுற்று வரக்கூடியவர்கள் ஏற வேண்டாம், கடிகாரத்தைப் பிடியுங்கள்.

முதல் சிலைட் முறுக்கம்.

τ = r F sin θ

இதைக் கதிரையின் கைப்பிடியிலேயே உணரலாம். ஒருவர் இருக்க, இன்னொருவர் கைப்பிடியை நேரே அச்சை நோக்கி அழுத்தட்டும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கதிரை திரும்பாது. விசையின் கோடு அச்சினூடாகப் போகிறது, ஆகவே முறுக்கம் பூச்சியம். அதே விசையைப் பக்கவாட்டில் கொடுத்தால் உடனே திரும்பும். அச்சை நோக்கிய கோட்டிலிருந்து 30° மட்டும் சாய்த்துத் தள்ளினால் பாதி முறுக்கம்தான். அச்சினூடாகப் போகும் விசைக்கு முறுக்கம் இல்லை என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

கைப்பிடி அச்சிலிருந்து 0.3 மீற்றரில் இருக்கிறது என்றும், அதைச் செங்குத்தாக 10 நியூற்றனால் தள்ளுகிறோம் என்றும் வைப்போம். முறுக்கம் 3 N m. இருப்பவர் கையை விறைப்பாக நீட்டியிருக்க, 0.8 மீற்றரில் அவருடைய கையையே அதே 10 நியூற்றனால் தள்ளினால் 8 N m. விசை ஒன்றுதான், தள்ளிய இடம் மட்டும் மாறியது.

இரண்டாவது சிலைட்டில் பலர் தடுமாறுகிறீர்கள். சடத்துவத் திருப்பத்தைத் திணிவுக்கு இன்னொரு பெயர் என்று நினைத்துவிடுகிறீர்கள்.

I = Σ m r²

இந்த r² இல்தான் விஷயம் இருக்கிறது. போத்தல் ஒன்றின் திணிவு 1.5 கிலோகிராம். கைகளை நீட்டி அச்சிலிருந்து 0.8 மீற்றரில் பிடித்தால் இரண்டுக்கும் சேர்த்து 2 × 1.5 × 0.8² = 1.92 kg m². நெஞ்சுக்குக் கிட்ட, 0.2 மீற்றரில் பிடித்தால் 2 × 1.5 × 0.2² = 0.12 kg m². தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, பெறுமானம் பதினாறில் ஒன்றாகிவிட்டது. உடம்புக்கும் கதிரையின் சுற்றும் பகுதிக்கும் சேர்த்து 2.0 kg m² என்று கணக்குக்காக எடுப்போம். நீட்டி மடக்கும்போது கைகளின் சடத்துவத் திருப்பமும் மாறும், இப்போதைக்கு அதை விட்டுவிடுகிறேன். மொத்தம் நீட்டியபடி 3.92, மடக்கியபடி 2.12.

τ = Iα என்பதை இங்கேயே பொருத்தலாம். கைகளை நீட்டியிருப்பவரைக் கைப்பிடியில் 3 N m ஆல் சீராகத் தள்ளினால் கோண ஆர்முடுகல் 3 ÷ 3.92, ஏறக்குறைய 0.77 rad s⁻². இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்று என்ற வேகத்துக்கு, அதாவது 3.14 rad s⁻¹ க்கு வர நான்கு செக்கன் ஆகும். மடக்கி வைத்திருந்தால் இரண்டேகால் செக்கன் போதும்.

சரி, இனி மூன்றாவது சிலைட். வெளியிலிருந்து முறுக்கம் இல்லையென்றால் கோண உந்தம் மாறாது.

I₁ω₁ = I₂ω₂

3.92 × 3.14 = 2.12 × ω₂. ω₂ = 5.81 rad s⁻¹. இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்றுச் சுற்றியவர் இப்போது 1.08 செக்கனில் ஒரு சுற்றை முடிக்கிறார். கணக்கு முடிந்தது. எங்கள் கேள்வி இனிமேல்தான்.

போத்தலை உள்ளே இழுக்கும் விசை அச்சை நோக்கியது. அந்த விசைக்கு முறுக்கம் இல்லை என்று முதல் சிலைட்டில் பார்த்தோம். அப்படியென்றால் உடம்பை எது முறுக்கியது?

மொத்தக் கோண உந்தம் 12.3 kg m² s⁻¹. அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கைகள் நீண்டிருந்தபோது உடம்பிடமும் கதிரையிடமும் இருந்தது 2.0 × 3.14 = 6.28. போத்தல்களிடம் 1.92 × 3.14 = 6.03. கிட்டத்தட்டச் சரிபாதி. மடக்கிய பிறகு உடம்பிடமும் கதிரையிடமும் 2.0 × 5.81 = 11.62. போத்தல்களிடம் 0.12 × 5.81 = 0.70 மட்டும். போத்தல்கள் தம்மிடம் இருந்ததில் பெரும்பகுதியை உடம்புக்குக் கொடுத்துவிட்டன. கூட்டுத்தொகை மாறவில்லை, இருந்த இடம் மாறியது.

எப்படிக் கொடுத்தன? நீட்டிய கையிலே போத்தல் 0.8 × 3.14 = 2.51 m s⁻¹ வேகத்தில் ஓடுகிறது. அதைச் சற்று உள்ளே இழுத்துப் பாருங்கள். உள்ளே வரவர, உடம்போடு சேர்ந்து சுற்றும் கை அந்த இடத்தில் போத்தலைவிட மெதுவாகப் போக வேண்டியது. போத்தலோ வேகமாக வந்தது, முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும். கை அதை விடாமல் பிடித்திருப்பதால் போத்தல் உள்ளங்கையைச் சுற்றும் திசையில் பக்கவாட்டாகத் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டுத் தள்ளல்தான் கை வழியே தோளுக்குப் போய் உடம்பை முறுக்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தால் போத்தல் கையை ஒரு பக்கமாகத் தள்ளுவது தெளிவாகத் தெரியும். இதற்காகவே எல்லாரும் ஒருமுறை கதிரையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறேன். சிலைட்டில் இருக்கும் அம்புக்குறி இந்த உணர்வைத் தராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே வந்த போத்தலின் வேகம் 0.2 × 5.81 = 1.16 m s⁻¹. எல்லாம் வேகமாகச் சுற்றுவதுபோலத் தெரியும், ஆனால் போத்தல் முன்பைவிட மெதுவாகத்தான் போகிறது. வேகம் எடுத்தது உடம்பு. போத்தலை யாரும் பிடிக்காமல், நூலில் கட்டி அச்சை நோக்கி இழுத்திருந்தால் அதன் உந்தம் அதனிடமே இருந்திருக்கும். 0.2 மீற்றருக்கு வரும்போது அது செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகம் எடுத்திருக்கும். கையோடு கட்டுப்பட்டதால் மிச்சத்தை உடம்புக்குக் கொடுத்தது.

இது விளங்கினால் பிள்ளைகள் அடிக்கடி பிழைவிடும் கேள்வியும் விளங்கும். கைகளை நீட்டிச் சுற்றும்போது போத்தல்களை மடக்காமல் அப்படியே கைவிட்டால் கதிரையின் வேகம் என்ன ஆகும்? "I குறைஞ்சிட்டுது, அப்ப ω கூடும்" என்று எழுதுகிறார்கள். கூடாது, மாறவே மாறாது. விட்ட கணத்தில் போத்தல் கையைப் பக்கவாட்டாகத் தள்ளவில்லை. தன்னிடமிருந்த 6.03 ஐ எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் போய்விடுகிறது. உடம்புக்கு அதே 6.28, அதே 3.14 rad s⁻¹. I₁ω₁ = I₂ω₂ என்று எழுதும்முன், யார் யாரெல்லாம் தொகுதிக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். (வகுப்பில் போத்தலைக் கைவிட்டுப் பார்க்க வேண்டாம். முன்வரிசையில் இருப்பவர்களின் முழங்காலில் படும்.)

சக்தியையும் பார்த்துவிடுவோம். ½Iω² முதலில் 19.3 யூல், பிறகு 35.8 யூல். கோண உந்தம் மாறாதபோது சக்தி கூடலாமா? கூடலாம். போத்தல் வட்டத்தில் ஓட, அதை உள்ளே இழுக்கக் கைத்தசை வேலை செய்கிறது. அந்த 16.5 யூல் நீங்கள் காலையில் சாப்பிட்டதிலிருந்து வருகிறது. மெதுவாக வெளியே விட்டால் சக்தி திரும்பக் குறையும். வேகமாகச் சுற்றும்போது இழுப்பது கடினமாக இருப்பதும் இதனால்தான்.

வெளி முறுக்கம் இல்லை என்று சொன்னோம். அது முழுக்க உண்மையில்லை, கதிரையின் பெயரிங்கில் உராய்வு உண்டு. அதையும் அளந்துவிடலாம். கைகளை நீட்டியபடி 3.14 rad s⁻¹ இல் விட்டு, நிற்கும்வரை நேரம் பாருங்கள். உதாரணமாக 8 செக்கனில் நின்றால் அமர்முடுகல் 0.39 rad s⁻², உராய்வு முறுக்கம் 3.92 × 0.39, சுமார் 1.5 N m. கைகளை அரைச் செக்கனில் இழுத்தால் உராய்வு கொண்டுபோவது 0.77, மொத்தம் 12.3 இல் ஆறு வீதம் போல. இரண்டு செக்கன் எடுத்தால் கால்வாசி போய்விடும், பிறகு சிலைட் பொய் என்று சொல்வீர்கள். ஆகவே இழுப்பதைக் கெதியாகச் செய்யுங்கள். கதிரைக்கு எண்ணெய் விட்டு ஒருமுறை, விடாமல் ஒருமுறை அளந்தால் இன்னும் நல்லது.

இதே விஷயத்தை நம் ஊர் பெரிய அளவில் கண்டிருக்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டது. அமுக்கம் குறைந்த நடுவை நோக்கி நாலா பக்கமிருந்தும் காற்று இழுபடும்போது அச்சுக்கான தூரம் குறைகிறது, சுற்றும் வேகம் கூடுகிறது. உராய்வே இல்லையென்றால் தூரம் கால்வாசியானால் வேகம் நான்கு மடங்காக வேண்டும். உண்மையில் கடலின் மேற்பரப்பு உந்தத்தில் ஒரு பகுதியைப் பறித்துவிடுகிறது, நம் கதிரையில் பெயரிங் பறித்ததைப்போலத்தான். ஆனால் அங்கே காற்றைப் பிடித்து வைக்கக் கை இல்லை. அதனால் உந்தத்தைக் கொடுக்க உடம்பும் இல்லை, காற்றே வேகம் எடுக்கிறது.

சனிக்கிழமைக்கு முன் இதைச் செய்துவாருங்கள். அதே ஆள், அதே போத்தல்கள், தொடக்கத்தில் 0.2 மீற்றரில் மடக்கியபடி 4.0 rad s⁻¹ இல் சுற்றுகிறார். கைகளை 0.8 மீற்றருக்கு நீட்டுகிறார். புதிய கோண வேகம் என்ன? உடம்பு இழந்த கோண உந்தம் எவ்வளவு, போத்தல்கள் பெற்றது எவ்வளவு? சக்தி எவ்வளவு குறைந்தது, எங்கே போனது? நீட்டும்போது போத்தல் கையை எந்தப் பக்கம் தள்ளும்? கடைசிக் கேள்விக்கு எண் வேண்டாம், ஒரு படமும் இரண்டு வசனமும் போதும்.