பெகு கிளைக்கு வாழ்த்துகள்: கொள்முதல் கணக்கர் வேலை தொடர்பாக

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ரங்கூன் அலுவலகத்தில் கொள்முதல் கணக்கர் வேலைக்கு என்னிடம் நேர்காணல் நடத்தினீர்கள். பெகு பக்கத்துக் கலைச்செல்வி என்றால் நினைவுக்கு வரும்.

பெகுவில் உங்கள் கொள்முதல் கிளை திறந்த செய்தியை அப்பா நேற்று போனில் சொன்னார். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பார்த்திருக்கிறார். வாசலில் வாழைமரம், உள்ளே புதுத் தராசு, பக்கத்தில் ஈரப்பதம் பார்க்கும் மெஷின். அந்த மெஷினைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். உங்களுக்கும் கிளைக்காக உழைத்த எல்லோருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். மாசி, பங்குனியில் உளுந்து களத்துக்கு வருவதற்குள் திறந்துவிட்டீர்கள், அதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அப்பா அந்த மெஷினையே பேசிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. போன அறுவடையில் ஒரு தரகர் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஈரம்" என்று சொல்லி மூட்டைக்கு 2 வீசை கழித்துவிட்டார். நான்கு நாள் வெயிலில் காய்ந்த உளுந்து அது, பல்லில் வைத்தால் கடக்கென்று உடையும். ஈரம் இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு எண்கூட இல்லை. ரங்கூன் பயின்னவுங் சந்தைக்கு ஏற்றிப் போகலாம் என்றால் ஏறத்தாழ 50 மைலுக்கு லாரி வாடகை. சரி என்று கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டோம். இனி அப்பாவுக்கு முன்னாலேயே எண் தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு கன்டெய்னருக்குப் புகார் வந்தால், அது யார் களத்து மூட்டை என்று தேடவே முடியவில்லை என்று நேர்காணலில் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பெகுவில் எடை போடும்போதே விவசாயி பெயர், எடை, ஈரப்பதம் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி, அந்தச் சீட்டு எண்ணையே மூட்டையிலும் போட்டு, ரங்கூனில் கன்டெய்னர் கட்டும் பட்டியலிலும் ஏற்றினால் போதும். எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்ற இரண்டு தர மூட்டைகள் கலந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். இப்போது நான் வேலை பார்க்கும் அரிசி மண்டியில் இப்படித்தான் எக்செலில் கணக்கு வைக்கிறேன். வேண்டுமானால் ஒரு மாதிரித் தாள் போட்டு அனுப்புகிறேன்.

இந்த வேலையில் சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு முன்பைவிட அதிகமாகியிருக்கிறது. ரங்கூனில் விண்ணப்பித்த இடமே என்றாலும் சரி, பெகு கிளைக்கு ஆள் தேவை என்றாலும் சரி, வரத் தயார். விவசாயிகளிடம் பர்மியத்திலும், சென்னை, தூத்துக்குடி வியாபாரிகளிடம் தமிழிலும் பேசிச் சமாளித்துவிடுவேன். அப்புறம், முடிவு மாதக் கடைசியில்தான் என்று சொல்லியிருந்தீர்கள். அவசரப்படுத்த இதை எழுதவில்லை, காத்திருக்கிறேன்.

கிளையில் முதல் மூட்டை ஏறும் நாளில் அப்பா கட்டாயம் அங்கே வந்து நிற்பார்.

நன்றியுடன்,
கலைச்செல்வி