கிரிக்கும் தர்சினிக்கும்: கல்லடி வரவேற்பில் தோழன் சொன்ன வாழ்த்து

சபையில இருக்கிற பெரியாக்களுக்கும், ரெண்டு வீட்டுச் சொந்தக்காரருக்கும், காத்தான்குடியிலருந்து குடும்பத்தோட வந்திருக்கிற எங்கட கூட்டாளிமாருக்கும், முன்வரிசையில கேக்கையே பார்த்துக்கொண்டிருக்கிற சின்னப் புள்ளையளுக்கும் வணக்கம்.

நான் சுதன். மாப்பிள்ளையும் நானும் ஒரே ஒழுங்கையில வளர்ந்தாக்கள். முதல்ல வேற ஒரு பேச்சுத்தான் எழுதினன். அதை என்ட அக்கா வாசிச்சுப்போட்டு, "தம்பி, இது உங்கட பொடியன்மாருக்குச் சிரிப்பு. கிரிட அம்மாவும் தர்சினிட அப்பாவும் எந்தப் பக்கம் பார்க்கிறது?" எண்டு கேட்டா. அக்கா சொன்னது சரி. அந்தத் தாளை அங்கயே மடிச்சு வச்சிட்டன். இண்டைக்கு நான் சொல்றதுக்கு மணமக்களும் சேர்ந்து சிரிக்கலாம்.

படுவான்கரையில தயிர் எந்தத் திசையில போகும் எண்டு உங்களுக்குத் தெரியும். வாவியைக் கடக்கிற மிதவை, அதுதான் எங்கட மண்டூர்ப் பாதை, அதில சட்டி சட்டியா ஏறி, குருமண்வெளியில இறங்கி, எழுவான்கரைக்குப் போகும். எத்தினையோ வருசமா இதுதான் வழக்கம். கிரிக்குக் கல்லடியில வேலை கிடைச்சு ரெண்டாவது மாசம், ஒரு தயிர்ச் சட்டி மட்டும் எதிர்த்திசையில வரத் தொடங்கினது. மோட்டார்சைக்கிள் ஹேண்டில்ல தொங்கிக்கொண்டு, பின்னேரப் பாதையில, பத்திரமா.

இவன்ட வீட்டுப் பட்டியில எருமை நிக்குது. ஊருக்கே தயிர் குடுக்கிற வீடு. பாதையில வாறாக்கள் "என்ன தம்பி, எருமைக்குச் சுகமில்லையோ?" எண்டு கேப்பாங்க. இவன், "அம்மாக்குக் கல்லடித் தயிர் எண்டா விருப்பம்" எண்டு சொல்லுவான். அம்மாக்கு அந்த விருப்பம் இருக்கிறது அண்டைக்கு வரைக்கும் அம்மாக்கே தெரியாது.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அம்மா ஒரு கரண்டி வாயில வச்சுப் பார்த்தா. கொஞ்சநேரம் பேசயில்ல. மறுகா சொன்னா: "மகன், இது நம்மட தயிர்." காலையில அம்மா வித்த தயிர், வியாபாரிட கையால கல்லடிக்குப் போய், தர்சினிட அப்பாட கடையில ஏறி, கிரிட காசில திரும்ப மண்டூருக்கு வந்திருக்கு. அம்மா ஏசயில்ல. "கடையில ஆரு நிக்கிற?" எண்டு மட்டும்தான் கேட்டா. அடுத்த கிழமையே பெரியாக்களோட முறையாப் பொண்ணு கேட்டுப் போனா. அந்தச் சட்டியளில இப்ப கொச்சிக்காய்க் கண்டு நிக்குது. 14 சட்டி, நானே எண்ணிப் பார்த்தன்.

தர்சினி, நீங்க அண்டைக்கு என்னட்டச் சொன்னதை இங்க சொல்ல அனுமதி தந்ததுக்கு நன்றி. கிரிட வீட்டில எருமை இருக்கிறது தர்சினிக்கு மூணாவது நாளே தெரியுமாம். தெரிஞ்சும் ஒரு கேள்வி கேக்கயில்லையாம். பாதையில குலுங்கி உடையாத நல்ல சட்டியாப் பார்த்து, கயிறை இறுக்கிக் கட்டிக் குடுத்தவவாம். அதைக் கேட்ட நேரமே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. என்ட கூட்டாளியை விளங்கிக்கொண்ட ஆள் வந்திட்டா எண்டு.

2011 தை வெள்ளத்தில எங்கட வீட்டுக்குள்ள தண்ணி. நாங்க பள்ளிக்கூடப் பொடியன்மார். கிரி ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மம்மாவைத் தூக்கி இருத்தினான். பாதி வழியில அம்மம்மா, "என்ட கோழி!" எண்டு அழுதா. எல்லாரும் "கோழி போனாப் போகுது" எண்டம். இவன் ஒண்டும் சொல்லயில்ல. அம்மம்மாவைக் கரையில இறக்கிப்போட்டு, நெஞ்சளவு தண்ணியில திரும்பிப் போய், கோழியைத் தலையில வச்சுக்கொண்டு வந்தான். கோழி இவன்ட கன்னத்தில ரெண்டு கொத்துக் கொத்தினது. அந்த அடையாளம்தான் இண்டைக்கு மேக்கப்பில மறைஞ்சு கிடக்கு. அம்மம்மா அந்தா இருக்கிறா. கோழிட கதை வந்தவுடனே கண்ணைத் துடைக்கிறா, பாருங்க.

மாமா, மாமி, எங்கட ஊர் வழக்கப்படி இனி இவன் உங்கட வீட்டுப் புள்ளை. மண்டூர்லருந்து ஒருத்தனைத் தாறம், கவனமா வச்சுக்கொள்ளுங்க. ஒண்டு மட்டும் தெரிஞ்சுகொள்ளுங்க: "சாப்பிட்டன்" எண்டு இவன் சொன்னா நம்பக் கூடாது. மற்றாக்களுக்குக் காணுமோ எண்டு பார்த்துப்போட்டுத்தான் கோப்பையில கை வைப்பான். ரெண்டாந்தரமும் கேக்கணும்.

எல்லாரும் கையில இருக்கிற சர்பத்தை ஒருக்காத் தூக்குங்க. கிரிக்கும் தர்சினிக்கும்! ரெண்டு கரையும் உங்கட வீடா இருக்கட்டும். நல்லா வாழுங்க.

மாமி, காலையிலருந்து நான் மூணுதரம் கேட்டுட்டன். "சாப்பிட்டன்" எண்டுதான் சொல்றான்.