மாலையை இரண்டு நிமிடம் கழற்றாதீர்கள், அம்மா: நிலக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளி ஆண்டு விழா வரவேற்புரை

(விருந்தினர் மேடை ஏறியதும் எல்லோரும் எழுந்து நிற்கவும். ஒன்பதாம் வகுப்பு மாணவி மாலை அணிவித்து முடிந்த பிறகு தலைமையாசிரியர் கைகூப்பியபடி பேசத் தொடங்குவார்.)

மாண்புமிகு மாவட்ட நீதிபதி அம்மா அவர்களே, வணக்கம். வாருங்கள், வாருங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். மாலை விழுந்த மறுநொடியே கழற்றி மேசைமேல் வைப்பது மேடை வழக்கம். கழுத்துக்கும் அதுதான் சுகம். ஆனால் இந்த மாலையை மட்டும் இரண்டு நிமிடம் போட்டிருங்கள் அம்மா. இது கடையில் வாங்கியதில்லை. உங்களுக்கு அணிவித்த பிள்ளை, இன்று விடியும் முன்னே தன் அம்மாவோடு தோட்டத்தில் இறங்கிப் பறித்த மல்லிகை. மதியம் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து வாழைநாரில் கட்டியிருக்கிறார்கள். மொட்டாகப் பறித்ததுதான் சாயங்காலம் மலரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏனென்றால், 1986-இல் இங்கே பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் பெயர் உள்ள சேர்க்கைப் பதிவேட்டை நேற்று எடுத்துப் பார்த்தோம். தந்தை தொழில் என்ற இடத்தில் 'பூ விவசாயம்' என்று இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் கைநாட்டு, மை கொஞ்சம் இழுவிப் போயிருக்கிறது. அழைக்க வந்தபோது நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "பூப் பறிச்சுட்டு வர லேட்டாகும் சார், வாரத்துக்கு மூணு நாள் வெளியேதான் நிப்பேன்." அம்மா, இந்தப் பிள்ளையும் போன வாரம் இரண்டு நாள் லேட். இனிமேல் நான் வெளியே நிறுத்த மாட்டேன்.

(கைதட்டல் அடங்கும்வரை காத்திருக்கவும்.)

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மதுரைக்குப் போனாலும், வாசத்தில் எங்கள் நிலக்கோட்டைக்கும் பங்கு உண்டு என்று இங்கே உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில்!

வாசலில் சந்தனமும் கல்கண்டும் கொடுத்துப் பன்னீர் தெளித்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள், கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்குப் பதிலாக, நம் சின்னாளபட்டி நெசவாளர்கள் நெய்த சுங்குடிச் சேலை ஒன்றை ஆசிரியைகள் இப்போது உங்களுக்கு அணிவிப்பார்கள்.

(சேலையை இரு கைகளாலும் கொடுக்கவும்.)

மேடையில் இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களையும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத்தான் ஆசை. பின்னால் கரகாட்டத்துக்கு வேஷம் கட்டிய பிள்ளைகள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. மாலையை இப்போது கழற்றலாம் அம்மா. அப்புறம் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றி விழாவைத் தொடங்கி வைக்க வேண்டுகிறேன்.