தாமதமான ஆர்டருக்கு மன்னிப்பு: முதலில் எழுதியதும், மாற்றி அனுப்பியதும்

முதலில் எழுதியது:

பொருள்: ஆர்டர் தாமதம் குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் ஆர்டர் தாமதமாகியுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். பொருள் விரைவில் அனுப்பி வைக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.

இப்படிக்கு,
நிர்வாகம்

அனுப்பும் முன் இன்னொரு முறை வாசித்தேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'ஏற்பட்டிருந்தால்' என்ன, அதுதான் ஏற்பட்டுவிட்டதே. இரண்டு தடவை போன் செய்து கேட்டவரிடம் 'விரைவில்' என்றால் எரிச்சல்தான் வரும். 'நிர்வாகம்' என்று யாரும் இல்லை, கடையில் இருப்பது நான்தான். கடைசியில் அனுப்பியது இது:

பொருள்: உங்கள் படிப்பு மேசை 18ஆம் தேதி வியாழக்கிழமை வரும், தாமதத்துக்கு மன்னிக்கவும்

வணக்கம் மேடம்,

நீங்கள் 2ஆம் தேதி ஆர்டர் செய்த மேசை 9ஆம் தேதியே உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இன்று 15. தப்பு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். கடைசியாக இருந்த ஒரு மேசையை நேரில் வந்தவருக்கு விற்றுவிட்டு, இணையக் கடையின் இருப்புக் கணக்கில் கழிக்காமல் விட்டுவிட்டோம். இல்லாத மேசைக்கு உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறோம். தெரிந்த அன்றே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளில் சரக்கு வந்துவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். நீங்களே போன் செய்து கேட்கும்படி ஆகிவிட்டது. தாமதத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

மேசை இப்போது கடைக்கு வந்துவிட்டது. டிராயர்களை நானே திறந்து மூடிப் பார்த்தேன், சரியாக ஓடுகின்றன. வியாழக்கிழமை காலை 10 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள் எங்கள் வண்டியிலேயே வரும். கொண்டுவருபவரே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். கிளம்பும் முன் உங்களுக்குப் போன் செய்வார். அந்த நேரம் தோதுப்படாது என்றால் ஒரு வரி எழுதுங்கள், மாலையிலோ வெள்ளிக்கிழமையோ வைத்துக்கொள்ளலாம். 22ஆம் தேதி பையனுக்குப் பரீட்சை தொடங்குகிறது என்று ஆர்டரில் குறிப்பு எழுதியிருந்தீர்கள். அதைத் தாண்டித் தள்ளிப்போகாது.

டெலிவரி கட்டணத்தை இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன். இதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டீர்கள் என்றாலும், இனி வேண்டாம் என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டேன், முழுப் பணத்தையும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால் நேராக எனக்கே வரும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்