தீபாவளி விடுமுறை அறிவிப்பு: கிளினிக் நேரம், 6 முதல் 11 நவம்பர் 2026 வரை

சுங்கை சிப்புட் நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் எங்கள் நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

இவ்வாண்டு தீபாவளி 8 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மாற்று விடுமுறை மறுநாள் திங்கட்கிழமை. கிளினிக் அந்த இரண்டு நாளும் முழுமையாக மூடியிருக்கும். சனிக்கிழமையும் அரை நாள்தான். ஆகவே சனி நண்பகலிலிருந்து செவ்வாய் காலை வரை இங்கே டாக்டரைப் பார்க்கவோ மருந்து வாங்கவோ முடியாது. தயவுசெய்து இதை மனத்தில் வைத்து உங்கள் வருகையைத் திட்டமிடுங்கள்.

2 நவம்பர் திங்கள் முதல் 5 நவம்பர் வியாழன் வரை: வழக்கம்போல். காலை மணி 8.30 முதல் பிற்பகல் மணி 1.00 வரை, மாலையில் மணி 2.00 முதல் 5.30 வரை, இரவில் மணி 7.00 முதல் 9.00 வரை.

6 நவம்பர், வெள்ளி: அதே நேரம். இரவுப் பதிவு மணி 8.30 உடன் முடியும்.

7 நவம்பர், சனி: காலை மணி 8.30 முதல் நண்பகல் மணி 12.30 வரை மட்டும். கடைசிப் பதிவு மணி 12.00.

8 நவம்பர், ஞாயிறு, தீபாவளி: விடுமுறை.

9 நவம்பர், திங்கள், மாற்று விடுமுறை: விடுமுறை.

10 நவம்பர், செவ்வாய்: காலை மணி 8.30 முதல் பிற்பகல் மணி 1.00 வரை, மாலை மணி 2.00 முதல் 5.30 வரை. இரவு நேரம் கிடையாது.

11 நவம்பர், புதன் முதல்: வழக்கம்போல்.

வெள்ளியும் சனியும் கூட்டம் அதிகமாக இருக்கும். சம்பளம் கையில் வந்ததும் தோட்டத்திலிருந்து எல்லாரும் ஒரே நாளில் பட்டணத்துக்கு வருவார்கள். துணிக்கடை, மளிகைக்கடை, பிறகு கிளினிக் என்று முடிக்கும்போது மணி 12.00 தாண்டிவிடும். சனிக்கிழமை மட்டுமே வர முடிந்தால், கடைக்குப் போவதற்கு முன்பு முதலில் எங்களிடம் பதிவு செய்துவிட்டுப் போங்கள். முறை எண் வாங்கிக்கொண்டால், உங்கள் எண் எப்போது வரும் என்று கவுண்டரில் மிஸி சொல்வார்.

மாதாந்திர மருந்து எடுப்பவர்கள்

இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, ஆஸ்துமா மருந்து எடுப்பவர்கள் வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். 7 முதல் 12 நவம்பருக்குள் முடிகிற மருந்து என்றால், வியாழன் 5 நவம்பருக்குள் வந்து அடுத்த மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாங்குவதால் மருந்து வீணாகாது, பழையது முடிந்த பிறகு புதியதைத் தொடங்கினால் போதும். செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். இரண்டு நாள் மூடிய பிறகு திறக்கும் அன்று காய்ச்சல், வயிற்றுப்போக்கு நோயாளிகளே வரிசையில் முன்னால் இருப்பார்கள்.

அட்டெனோலோல், பிசோபுரோலோல் போன்ற மாத்திரைகளை இரண்டு மூன்று நாள் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். நெஞ்சுவலி வரவும் வாய்ப்புண்டு. தலைவலி இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இவற்றை விடக்கூடாது.

ஆஸ்துமாவுக்கு நீல நிற இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள். புதிய டப்பாவில் 200 முறை அடிக்கும் மருந்து இருக்கும். குலுக்கிப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, மருந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் வரும். ஞாயிறு இரவு பட்டாசுப் புகையில் மூச்சு முட்டும்போது அது தெரியவந்தால் தாமதம் ஆகிவிடும்.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு: திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெயில் படாத இடத்தில் வெளியே வைக்கலாம். உறவினரைப் பார்க்க வெளியூர் போகிறவர்கள் அதைக் காரில் விட்டுப் போகாதீர்கள், மூடிய காருக்குள் சூடு இன்சுலினைக் கெடுத்துவிடும், பார்வைக்கு அது தெரியாது.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வெளியூரிலிருந்து வரும்போது மருந்தை மறந்துவிட்டு வருவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அப்படியானால் மருந்து அட்டையையோ பட்டையையோ படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சனிக்கிழமைக்குள் காட்டுங்கள். வெள்ளை மாத்திரை, சின்னது என்று சொன்னால் எங்களால் மருந்து தர முடியாது.

இரத்தப் பரிசோதனையும் புண்கட்டும்

பட்டினியாக வந்து எடுக்கும் இரத்தப் பரிசோதனை இருந்தால் வியாழன் 5 நவம்பர் காலைக்குள் வந்துவிடுங்கள். 8 முதல் 10 மணி நேரம் உணவில்லாமல், தண்ணீர் மட்டும் குடித்து வரவேண்டும். அதற்குப் பிறகு எடுக்கும் இரத்தம் ஆய்வகத்துக்குப் போகாமல் விடுமுறை நாள்களில் தங்கிவிடும். இரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், சர்க்கரை அளவும் குறைந்து காட்டும். அப்புறம் மறுபடியும் குத்த வேண்டியிருக்கும். ஆகவே வெள்ளி, சனியில் வழக்கமான பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க மாட்டோம். காய்ச்சலுக்கான அவசர இரத்த எண்ணிக்கை மட்டும் சனி மணி 11.30 வரை இங்கேயே பார்ப்போம்.

காலில் இனிப்புநீர்ப் புண் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை மணி 10.00க்குள் கட்டுப் போட வாருங்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளுக்கும் உப்புநீர், துணி, நாடா கொண்ட இரண்டு பொட்டலம் தருவோம். வீட்டில் கட்டிவிடுகிறவர் ஒருவரையும் அழைத்து வந்தால் மிஸி அவருக்கு நேரில் செய்து காட்டுவார். கட்டுத்துணி ஈரமானால், நாற்றம் வந்தால், சுற்றிச் சிவந்து கால் வீங்கினால் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சல் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள்

மழைக்காலத்தில் டிங்கிக் காய்ச்சல்தான் எங்கள் கவலை. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாள் ஆள் ஓரளவு தாங்குவார். மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், ஆபத்தான கட்டம் வரும். காய்ச்சல் விட்டதே என்று குடும்பம் நிம்மதியடையும் அதே நேரத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்தம் கெட்டியாகும். வியாழன் அல்லது வெள்ளியன்று காய்ச்சல் கண்டவருக்கு அந்தக் கட்டம் சரியாக தீபாவளி அன்றும் மறுநாளும் விழும். ஆகவே யாருக்குக் காய்ச்சல் இருந்தாலும் சனி மணி 11.30க்குள் காட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் கூடாது, அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். வயிறு தொடர்ந்து வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால், ஆள் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், சிறுநீர் குறைந்தால், எந்த மணி நேரமானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், கால்வாய்த் தண்ணீரிலோ எலி நடமாடும் இடத்திலோ நின்றதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும்.

மூடியிருக்கும் நாள்களில்

சுங்கை சிப்புட் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு தீபாவளி அன்றும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆம்புலன்சுக்கு 999. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல், கண்ணில் பட்டாசு பட்டது ஆகியவற்றுக்குக் கிளினிக் திறந்திருந்தாலும் நேரே அங்கேதான் போக வேண்டும். மைகார்டும் மருந்துப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள்.

முறுக்கு சுடும் எண்ணெய் தெறிப்பதும் கம்பி மத்தாப்புக் கம்பியை மிதிப்பதும் இந்த வாரத்தில் அதிகம் பார்ப்பவை. தீக்காயத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய், மாவு எதுவும் தடவ வேண்டாம். அவை சூட்டை உள்ளே அடைக்கும், மருத்துவமனையில் தேய்த்து எடுக்கும்போது தோலும் கூடவே வரும். ஐஸும் வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டாலோ உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனிப்புநீர்க்காரர்கள் பலகாரத்துக்குப் பயப்படுவது சரிதான், ஆனால் தீபாவளி காலையில் நாங்கள் அதிகம் அஞ்சுவது சர்க்கரை இறங்குவதைப் பற்றி. விடியற்காலை எண்ணெய்க் குளியல், பூஜை, கோயில் என்று முடித்து வாயில் ஏதாவது வைக்க மணி 10 ஆகிவிடும். இதற்கிடையே விடியலிலேயே கிளிக்லாசைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டிருந்தால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தலை சுற்றும். அன்று மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை, தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். அப்படியும் மயக்கம் வந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999 அழையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் பொட்டலம் வீட்டில் இரண்டு மூன்று இருக்கட்டும். நாங்கள் தரும் பொட்டலம் ஒன்றை 250 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கவேண்டும். குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் குழந்தைக்கு உப்பு ஏறிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எம்சி பற்றி

டாக்டர் பார்த்த நாளுக்கு முந்திய தேதியில் எம்சி தர முடியாது. பாமாயில் ஆலையில் ஞாயிறு, திங்கள் ஷிப்ட் வேலை உள்ளவர்கள் அன்று நோய்வாய்ப்பட்டால் மருத்துவமனையிலேயே காட்டி அங்கிருந்தே எம்சி வாங்கிக்கொள்ளுங்கள். பேனல் நோயாளிகள் 10 நவம்பர் வரும்போது நிறுவனக் கடிதத்தை மறவாமல் கொண்டு வாருங்கள்.

சனி நண்பகலிலிருந்து செவ்வாய் காலை வரை கிளினிக் தொலைபேசியையும் வாட்ஸ்அப்பையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அனுப்பும் செய்திக்குச் செவ்வாய் காலை மணி 8.30க்குப் பிறகே பதில் வரும், அவசர விஷயத்தை அதில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கிளினிக் எண் உங்கள் பதிவு அட்டையின் பின்பக்கம் இருக்கிறது.

டாக்டரும் கிளினிக் பணியாளர்களும்
சுங்கை சிப்புட், பேராக்
26 அக்டோபர் 2026