கொல்லைத் தோட்டம்: எந்த மாதம் எதை நடுவது

தங்கச்சி, நாங்கள் திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அதுவரை கிணற்றடிக்குப் பின்னால் இருக்கும் 2 சென்ட் உன் பொறுப்பு. திருச்சி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தோதாக எழுதியிருக்கிறேன், அடுக்களைக் கதவில் ஒட்டிவை. ஆடி பிறப்பது ஜூலை நடுவில், தை பிறப்பது ஜனவரி நடுவில்.

| பயிர் | விதைப்பு | இடைவெளி | தண்ணீர் | பறிப்பு |
|---|---|---|---|---|
| கத்தரி | ஆடியில் நாற்றுவிட்டு, 30 நாளில் பிடுங்கி நடவு | 2 அடிக்கு 2 அடி | மூன்று நாளுக்கு ஒருமுறை | நட்ட 60 நாளில் முதல் காய் |
| தக்காளி | ஆடி அல்லது தை. 25 நாள் நாற்று | 2 அடிக்கு 1½ அடி, குச்சி ஊன்று | வேரில் மட்டும், இலையில் படாமல் | நட்ட 65 நாளில் |
| மிளகாய் | ஆடி அல்லது தை. 40 நாள் நாற்று | 2 அடிக்கு 1½ அடி | மண் காய்ந்த பிறகு | நட்ட 75 நாளில் பச்சை மிளகாய் |
| வெண்டை | ஆடி, தை. நேரடி விதைப்பு | 1½ அடிக்கு 1 அடி | இரண்டு நாளுக்கு ஒருமுறை | 45 நாளிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் |
| கொத்தவரை | ஆடி, தை | 1½ அடிக்கு ½ அடி | வாரம் ஒருமுறை போதும் | 50 நாளில் |
| பந்தல் அவரை | ஆடி மட்டும் | குழிக்குக் குழி 6 அடி | மழை நின்றபின் நான்கு நாளுக்கு ஒருமுறை | மார்கழி முதல் மாசி வரை |
| பீர்க்கு, புடலை | ஆடி, தை | குழிக்குக் குழி 6 அடி. குழிக்கு 4 விதை, முளைத்ததும் 2 நிறுத்து | பூக்கும்போது காயவிடாதே | 60 நாளில் |
| சின்ன வெங்காயம் | தை | 4 அங்குலம் | அறுவடைக்கு 10 நாள் முன்பே நிறுத்து | 70 நாளில், தாள் சாய்ந்ததும் |
| சிறுகீரை | அடைமழை தவிர எப்போதும் | மணலோடு கலந்து தூவு | பூவாளியால் தினமும் | 25 நாளில் வேரோடு |
| சேனை | சித்திரை, வைகாசி | 2½ அடி | வாரம் ஒருமுறை | தை, தண்டு சாய்ந்ததும் |
| மஞ்சள் | வைகாசி, ஆனி | 1 அடிக்கு ½ அடி | வாரம் ஒருமுறை | பொங்கலுக்குக் கொத்தாக |

அவரையை மட்டும் தள்ளிப்போடாதே. ஒரு வருஷம் விதை கையில் இருக்கிறதே என்று மாசியில் போட்டேன். கொடி ஓடு முழுக்கப் படர்ந்தது, ஆனால் மாதக்கணக்கில் ஒரு பூ இல்லை. நம் பழைய அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகைக்குள் பந்தல் நிறைந்து, ஊதாப் பூ சரம் சரமாக நிற்கும். அசுவினி ஏறியிருந்தால் நுனிக்கொழுந்தைக் கிள்ளிச் சாம்பல் தூவு.

வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகத் தெரிந்தால் அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடு. வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று மோட்டார் போடவே வேண்டாம். கத்தரிப் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் வரப்பை வெட்டி விட்டுவிடு. சித்திரையில் காலை 7 மணிக்குள் பாய்ச்சிவிடு, அப்புறம் தென்னஞ்சருகால் மூடாக்குப் போடு.

விதைகள் மாடப்பிறையில், சாம்பல் கலந்த டப்பாக்களில் இருக்கின்றன. அவரை விதை இருப்பது சிவப்பு மூடி டப்பாவில்.